குரூடு மினியில் எத்தனை லாட் எடுக்கலாம்? ரிஸ்க் சதவீதமும் ஸ்டாப் தூரமும் வைத்துக் கணக்கிடும் முழு வழி

பழைய வண்ணாரப்பேட்டையில் இரவு ஒன்பது மணிக்கு மேல் துணிக்கடைகளின் ஷட்டர்கள் இறங்கத் தொடங்கும். அந்த நேரத்தில் பங்குச் சந்தை மூடி பல மணி நேரம் ஆகியிருக்கும். ஆனால் எம்.சி.எக்ஸ். கமாடிட்டி சந்தை 11.30 வரை திறந்திருக்கும். அமெரிக்காவில் குளிர்கால நேரம் நடக்கும் மாதங்களில் 11.55 வரை. பகல் முழுக்க வியாபாரத்தில் இருப்பவர்கள் கச்சா எண்ணெய் ஃபியூச்சர்ஸ் பக்கம் வருவதற்கு இதுதான் முதல் காரணம். கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் இப்படிக் கேட்டார்:

“தம்பி, அக்கவுண்ட்ல ரெண்டு லட்சம் இருக்கு. குரூடு மினி பதினோரு லாட் வரைக்கும் எடுக்கலாம்னு ஆப் காட்டுது. எடுத்துடவா?”

“அண்ணே, எத்தனை வாங்க முடியும்னுதான் ஆப் சொல்லுது. அடி வாங்கினா எவ்வளவு போகும்னு அது சொல்லாது. அதை நாமதான் போட்டுப் பாக்கணும். ஸ்டாப் எங்க வைக்கப் போறீங்க?”

“அது வாங்கின பிறகு பாத்துக்கலாம்னு...”

வரிசை தலைகீழாக இருப்பதுதான் இங்கே சிக்கல். ஸ்டாப், அதாவது கணிப்பு தப்பினால் நஷ்டத்தோடு வெளியேறும் விலை, எங்கே என்று தெரியாமல் எத்தனை லாட் என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. அவருடைய கணக்கையே எடுத்துக்கொண்டு கடைசி வரை போட்டுப் பார்ப்போம். விலைகளெல்லாம் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. உங்கள் திரையில் தெரியும் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் எவ்வளவு இழக்கலாம் என்று ரூபாயில் எழுதுங்கள்

கணக்கில் இருப்பது 2,00,000 ரூபாய். ஒரு ட்ரேட் தப்பாகப் போனால் இதில் 1 சதவீதம் போகலாம் என்று முடிவு செய்கிறோம். அது 2,000 ரூபாய். சதவீதமாக மனதில் வைத்துக்கொண்டால் போதாது, ரூபாயாக எழுதி வையுங்கள். மேலே சொன்ன அண்ணனும் “ஒரு சதவீதம்” என்றபோது சும்மா தலையாட்டினார், “ரெண்டாயிரம்” என்றதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எந்தத் தொகைக்கு 1 சதவீதம் என்பதிலும் கவனம் வேண்டும். ட்ரேடிங் கணக்கில் இருக்கும் பணத்தில், இப்போது திறந்திருக்கும் ட்ரேடுகளின் நஷ்டத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் அந்தத் தொகை. கடையின் சரக்குப் பணமும் வீட்டுச் சேமிப்பும் அதில் சேராது. திறந்திருக்கும் ட்ரேடில் தெரியும் லாபத்தை நான் சேர்ப்பதில்லை. அது மூடின பிறகுதான் நம் பணம். வாரத்துக்கு ஒரு முறை, சனிக்கிழமை சந்தை இல்லாத நாளில், இந்தத் தொகையைத் திருத்தி எழுதினால் போதும். கணக்கு 1,80,000 ஆகக் குறைந்திருந்தால் அடுத்த வாரம் ரிஸ்க் 1,800. நஷ்டத்துக்குப் பிறகு அளவு தானாகச் சிறுத்துவிடும்.

ஏன் 1 சதவீதம்? தொடர்ந்து பத்து ட்ரேடு தோற்றால், ஒவ்வொன்றிலும் 1 சதவீதம் என்றால் கணக்கில் 90 சதவீதத்துக்குச் சற்று மேல் மிஞ்சும். ஒவ்வொன்றிலும் 4 சதவீதம் என்றால் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். அதன் பிறகு பழைய இடத்துக்கு வர ஏறக்குறைய 50 சதவீத லாபம் வேண்டும். பதினோரு லாட் எடுத்திருந்தால் அண்ணன் இந்த 4 சதவீத ஆளாகத்தான் இருந்திருப்பார். எப்படி என்று சற்று கீழே வருகிறது.

ஸ்டாப்பைச் சார்ட்டில் தேடுங்கள்

குரூடு 5,620-இல் இருக்கிறது, ஏறும் என்று நினைக்கிறோம். அந்த நினைப்பு எந்த விலையில் பொய்யாகும்? மாலையில் விலை இறங்கி, 5,562-ஐத் தொட்டுத் திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடம் உடைந்தால் நம் கணிப்புக்கு ஆதாரமில்லை. ஆகவே அதற்குச் சற்று கீழே, 5,555-இல் ஸ்டாப். நுழைவிலிருந்து தூரம் 65 ரூபாய்.

இந்த 65, சந்தை நமக்குக் கொடுத்த எண். நம் பட்ஜெட்டுக்கு ஏற்றபடி அதைச் சுருக்க நமக்கு உரிமை இல்லை. “இன்னும் ரெண்டு லாட் சேர்த்து எடுக்கணும், அதனால ஸ்டாப்பை 30 ரூபாய்ல வச்சிக்கிறேன்” என்பவர், சந்தை மூச்சு விடும் இடத்திலேயே ஸ்டாப்பை வைக்கிறார். ஒரு மணி நேர கேண்டில்கள் சராசரியாக 30 ரூபாய் ஏறி இறங்கும் நாளில் 30 ரூபாய் ஸ்டாப் வைத்தால், கணிப்பு சரியாக இருந்தாலும் அடி விழும். ஸ்டாப் அடித்து, உடனே விலை நீங்கள் நினைத்த பக்கமே போவது உங்களுக்கு அடிக்கடி நடக்கிறதா? ஸ்டாப் மிக நெருக்கமாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஒரு ரூபாய் நகர்ந்தால் ஒரு லாட்டுக்கு எவ்வளவு?

குரூடு மினி ஒரு லாட் 10 பேரல். விலை ஒரு பேரலுக்குச் சொல்லப்படுகிறது. ஆகவே விலை 1 ரூபாய் நகர்ந்தால் ஒரு லாட்டில் 10 ரூபாய். பெரிய குரூடு ஒரு லாட் 100 பேரல். அதில் 1 ரூபாய்க்கு 100 ரூபாய்.

இது எளிதாகத் தெரியும், ஆனால் வேறு கமாடிட்டிக்குப் போகும்போது இங்கேதான் ஆட்கள் வழுக்குகிறார்கள். தங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சௌகார்பேட்டையில் கிராமுக்கும் சவரனுக்கும் விலை கேட்டுப் பழகியவர் எம்.சி.எக்ஸ். திரையைத் திறந்தால், கோல்டு மினி லாட் 100 கிராம், ஆனால் விலை 10 கிராமுக்கு. ஆகவே அங்கே பெருக்க வேண்டியது 100-ஆல் அல்ல, 10-ஆல். கோல்டு கினி என்பது 8 கிராம், விலையும் 8 கிராமுக்கே. ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய். சில்வர் மினி 5 கிலோ, விலை கிலோவுக்கு. பெருக்கும் எண் 5. லாட் அளவை மட்டும் பார்த்துப் பெருக்கினால் கோல்டு மினியில் ரிஸ்க்கைப் பத்து மடங்கு கூடுதலாகக் கணக்கிட்டு, எடுக்க வேண்டிய ட்ரேடையே விட்டுவிடுவீர்கள். எதிர்ப்பக்கம் தவறினால் அதைவிட மோசம். ஒரு புதிய காண்ட்ராக்டைத் தொடுமுன் எக்ஸ்சேஞ்சின் காண்ட்ராக்ட் விவரத்தில் லாட் அளவு, விலை சொல்லும் அலகு இரண்டையும் பாருங்கள். பார்த்து முடித்ததும் இரண்டாவதால் முதலாவதை வகுத்தால் பெருக்கும் எண் வந்துவிடும்.

வகுத்தல்

இப்போது ஸ்டாப் தூரம் 65, பெருக்கும் எண் 10. ஒரு லாட்டில் ரிஸ்க் 650 ரூபாய். 2,000-ஐ 650-ஆல் வகுத்தால் 3.07. மூன்று லாட் என்று பலரும் இங்கே நிறுத்திவிடுவார்கள். இன்னும் இரண்டு செலவு பாக்கி இருக்கிறது.

ஒன்று வழுக்கல். ஸ்டாப் 5,555 என்றால் அதே விலையில் விற்கும் என்பதில்லை. அந்த விலை தொட்டதும் ஆர்டர் கிளம்பும், அடுத்து யார் வாங்கத் தயாராக இருக்கிறாரோ அவர் விலையில் முடியும். சாதாரண மாலையில் பேரலுக்கு 4 ரூபாய் என்று வைக்கிறேன். புதன்கிழமை இரவு வேறு கதை. அமெரிக்க எண்ணெய் இருப்பு அறிக்கை வழக்கமாக அன்று வரும், நம் நேரத்தில் அவர்களுடைய கோடைகாலத்தில் இரவு 8 மணிக்கு, குளிர்காலத்தில் 9 மணிக்கு. அந்தச் சில நிமிடங்களில் 4 ரூபாய் போதாது, 15 என்று வைப்பேன். அதைவிட, அறிக்கை வந்து தணிந்த பிறகு நுழைவது நல்லது. உங்கள் பழைய ட்ரேடுகளில் ஸ்டாப் விலைக்கும் உண்மையில் விற்ற விலைக்கும் இருந்த வித்தியாசத்தைக் குறித்துவந்தால், என் 4-க்குப் பதில் உங்களுடைய சொந்த எண் கிடைக்கும்.

இன்னொன்று கட்டணங்கள். புரோக்கரேஜ், கமாடிட்டி பரிவர்த்தனை வரி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜி.எஸ்.டி., முத்திரை வரி எல்லாம் சேர்த்து இந்த அளவு ட்ரேடில் ஒரு லாட்டுக்கு வாங்கி விற்க சுமார் 30 ரூபாய் என்று கொள்வோம். உங்கள் காண்ட்ராக்ட் நோட்டில் சரியான தொகை இருக்கும்.

ஆக ஒரு லாட்டில் உண்மை ரிஸ்க்: 65-உடன் 4 சேர்த்தால் 69, அதைப் பத்தால் பெருக்கினால் 690, கட்டணம் 30 சேர்த்து 720 ரூபாய். 2,000-ஐ 720-ஆல் வகுத்தால் 2.77. எப்போதும் கீழ்ப்பக்கமே முழுமையாக்க வேண்டும். இரண்டு லாட்.

மூன்று எடுத்திருந்தால் ரிஸ்க் 2,160, வரம்பைத் தாண்டிவிடும். இரண்டில் 1,440, அதாவது 0.72 சதவீதம். மிச்சமுள்ள 560 ரூபாய் சும்மா இருக்கட்டும். சின்னக் கணக்கில் இப்படி மிச்சம் விழுவது சகஜம்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு முறை போட்டு வைத்தால் தினமும் கை வலிக்காது. B1-இல் கணக்குத் தொகை, B2-இல் ரிஸ்க் சதவீதம், B3-இல் நுழைவு, B4-இல் ஸ்டாப், B5-இல் வழுக்கல், B6-இல் பெருக்கும் எண், B7-இல் ஒரு லாட்டுக்கான கட்டணம்:

```
=ROUNDDOWN(B1*B2/((ABS(B3-B4)+B5)*B6+B7),0)
```

விலை இறங்கும் என்று முதலில் விற்று எடுக்கும் ட்ரேடுக்கும் இதுவே. `ABS` இருப்பதால் ஸ்டாப் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் தூரம் சரியாக வரும். B2-இல் 1 என்று அடித்துவிடாதீர்கள், 1% என்று அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் விடை நூறு மடங்கு வீங்கிவிடும்.

விடை பூஜ்யமாக வந்தால்? இதே 65 ரூபாய் ஸ்டாப்பைப் பெரிய குரூடில் வைத்துப் பாருங்கள். ஒரே லாட்டில் வழுக்கலோடு 6,900 ரூபாய், கணக்கில் 3.45 சதவீதம். 2,000-க்குள் ஒரு லாட்கூட அடங்காது. பூஜ்யம் என்பதும் விடைதான். அந்த ட்ரேடு இந்தக் கணக்குக்கு இல்லை என்று அர்த்தம். “ஒரு லாட்டுதானே” என்று மனம் சொல்லும். அந்த ஒரு லாட் உங்கள் வரம்பைப் போல மூன்றரை மடங்கு.

மார்ஜின் எங்கே வருகிறது?

இதுவரை போட்ட கணக்கில் லிவரேஜ் என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மார்ஜின் 10 சதவீதமானாலும் 40 சதவீதமானாலும் ஸ்டாப் அடித்தால் போகும் தொகை அதே 1,440தான். மார்ஜின் என்பது அந்த ட்ரேடைத் திறக்க எக்ஸ்சேஞ்ச் பிடித்து வைக்கும் பிணைத்தொகை. நம் நஷ்டம் எவ்வளவு என்பதோடு அதற்கு நேரடித் தொடர்பில்லை.

மார்ஜின் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம் (சந்தை ஆட்டத்தைப் பொறுத்து மாறும்). ஒரு லாட்டின் மதிப்பு 56,200, மார்ஜின் 16,860. இரண்டு லட்சத்துக்கு 11 லாட் கிடைக்கும். அண்ணனின் ஆப் காட்டியது இதைத்தான். 11 லாட்டில் அதே ஸ்டாப் அடித்தால் 7,920 ரூபாய், கணக்கில் ஏறக்குறைய 4 சதவீதம். அதோடு மொத்தப் பணமும் மார்ஜினாகக் கட்டுண்டு கிடப்பதால், ஃபியூச்சர்ஸில் தினசரி நஷ்டம் அன்றன்றே கணக்கிலிருந்து கழியும்போது ஈடுகட்டக் கையில் காசு இருக்காது. எக்ஸ்சேஞ்ச் மார்ஜினைக் கூட்டினாலும் அதே நிலைதான். ஸ்டாப் தொடுவதற்கு முன்பே புரோக்கர் ட்ரேடை மூடிவிடலாம்.

ஆகவே மார்ஜினைக் கடைசியில் ஒரு சரிபார்ப்பாக மட்டும் பயன்படுத்துங்கள். கணக்கு சொன்ன லாட்டுக்கு மார்ஜின் எவ்வளவு? இரண்டு லாட்டுக்கு 33,720. இரண்டு லட்சத்தில் ஆறில் ஒரு பங்கு. மொத்தத்தில் பாதியைத் தாண்டாதவரை எனக்குக் கவலையில்லை. தாண்டினால் லாட்டைக் குறைக்க வேண்டும். ஸ்டாப்பைத் தொட வேண்டியதில்லை.

நெருக்கமான ஸ்டாப் ஒளித்து வைக்கும் ஆபத்து

இந்தச் சூத்திரத்தை அப்படியே நம்பினால் ஒரு இடத்தில் அது நம்மைக் கைவிடும்.

வேறொரு நாள், அதே 5,620-இல் வாங்கி 5,605-இல் ஸ்டாப் வைக்கக் காரணம் கிடைக்கிறது என்று கொள்ளுங்கள். தூரம் 15, வழுக்கலோடு 19, ஒரு லாட்டில் 190, கட்டணத்தோடு 220. 2,000-ஐ வகுத்தால் 9 லாட். காகிதத்தில் ரிஸ்க் இரண்டு இடத்திலும் 1 சதவீதத்துக்குள்தான். ஆனால் கையில் இருக்கும் சரக்கைப் பாருங்கள். இரண்டு லாட்டின் மொத்த மதிப்பு 1,12,400, நம் கணக்கைவிடக் குறைவு. ஒன்பது லாட்டின் மதிப்பு 5,05,800, கணக்கைப் போல இரண்டரை மடங்கு. புரோக்கர் தரும் லிவரேஜ் எத்தனை மடங்கானாலும், நீங்கள் உண்மையில் தலையில் ஏற்றியிருக்கும் லிவரேஜ் இந்த இரண்டரைதான். ஸ்டாப் நெருங்க நெருங்க அது கூடிக்கொண்டே போகிறது.

ஸ்டாப் வேலை செய்யும்வரை இதில் தப்பில்லை. சந்தை மூடியிருக்கும்போது ஸ்டாப் வேலை செய்யாது. நம்முடைய சந்தை 11.30-க்கு மூடிய பிறகும் நியூயார்க் எண்ணெய்ச் சந்தை பல மணி நேரம் நடக்கும். வெள்ளி இரவு மூடினால் திங்கள் காலை 9 மணிதான். இடையில் என்ன நடந்தாலும் திறக்கும் விலைதான் நம் விலை. திங்கள் காலை 5,470-இல் திறக்கிறது என்றால் 5,555-லும் விற்க முடியாது, 5,605-லும் முடியாது. இரண்டு லாட்காரருக்கு 3,000 ரூபாய், 1.5 சதவீதம். வலிக்கும், தாங்கும். ஒன்பது லாட்காரருக்கு 13,500, ஏறக்குறைய 7 சதவீதம். அவர் 1 சதவீதம் ரிஸ்க் என்று நம்பித்தான் வெள்ளிக்கிழமை தூங்கப் போனார்.

இது கற்பனை இல்லை. 2023 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை ஒபெக் பிளஸ் நாடுகள் சில எதிர்பாராமல் உற்பத்திக் குறைப்பை அறிவித்தன. திங்களன்று உலகச் சந்தையில் எண்ணெய் 6 சதவீதம் அளவுக்கு ஏறியது. விற்று வைத்திருந்தவர்களின் ஸ்டாப்புகளை விலை தாண்டிக் குதித்தது. 2020 மார்ச் 9, திங்கள், சவுதி–ரஷ்யா விலைப்போர் வெடித்த வார இறுதிக்குப் பின், அமெரிக்க எண்ணெய் ஒரே நாளில் சுமார் 25 சதவீதம் விழுந்தது. நம் எடுத்துக்காட்டு விலையில் 25 சதவீதம் என்றால் 1,405 ரூபாய். இரண்டு லாட்டில் 28,100 போயிருக்கும், கணக்கில் 14 சதவீதம். ஒன்பது லாட்டில் 1,26,450. கணக்கில் பாதிக்கும் மேல்.

ஆகவே ராத்திரி தாங்கிப்போகும் ட்ரேடுக்கு நான் இரண்டாவது கணக்கு ஒன்று போடுகிறேன். அதில் ஸ்டாப் தூரத்துக்குப் பதில் ஒரு குதிப்புத் தூரம் வரும். விலை 5 சதவீதம் நமக்கு எதிராகத் திறந்தால் கணக்கில் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வைக்கிறேன். இந்த 5-ம் 3-ம் என் தேர்வு. உங்களுக்கு வேறாக இருக்கலாம், ஆனால் ஏதாவது ஒன்றை எழுதி வைத்திருக்க வேண்டும். 5,620-இல் 5 சதவீதம் 281 ரூபாய். ஒரு லாட்டில் 2,810. 3 சதவீதம் என்பது 6,000. வகுத்தால் 2.13, இரண்டு லாட்.

முதல் கணக்கில் வந்த இரண்டு லாட் இந்தச் சோதனையிலும் தேறுகிறது, தாராளமாகத் தாங்கிப்போகலாம். ஒன்பது லாட்காரர் என்ன செய்யலாம்? அன்று இரவே வெளியேறுவதாக இருந்தால் ஒன்பதும் வைத்துக்கொள்ளலாம். சந்தை மூடுமுன் ஏழு லாட்டை விற்றுவிட்டு இரண்டை மட்டும் தாங்கலாம். இரண்டு கணக்கில் எது சிறிய எண் தருகிறதோ அதுதான் ராத்திரி தங்கும் அளவு.

ஆர்டர் போடும்போது

கணக்கு சரியாக இருந்து ஆர்டரில் கோட்டை விடுவதும் நடக்கும். ஸ்டாப் ஆர்டரில் இரண்டு விலை கேட்கும்: ட்ரிக்கர், லிமிட். ட்ரிக்கர் 5,555 போட்டு லிமிட்டும் 5,555 போட்டால், விலை 5,553-க்குத் தாவிவிட்ட நொடியில் உங்கள் ஆர்டர் கிளம்பும், ஆனால் விற்காமல் தொங்கும். விலை இறங்கிக்கொண்டே போகும், ஆர்டர் புத்தகத்தில் “திறந்திருக்கிறது” என்று காட்டிக்கொண்டிருக்கும். ட்ரிக்கருக்குக் கீழே 10 முதல் 15 ரூபாய் இடம் விட்டு லிமிட் வையுங்கள்: 5,555 ட்ரிக்கர், 5,542 லிமிட். 5,542-இல் விற்க வேண்டும் என்பதல்ல. அதுவரை எந்த விலை கிடைத்தாலும் விற்கலாம் என்ற அனுமதி.

சாதாரண ஸ்டாப் ஆர்டர் அன்றைய சந்தை மூடியதும் ரத்தாகிவிடும். தாங்கிப்போகும் ட்ரேடுக்கு மறுநாள் காலை 9 மணிக்கு மீண்டும் போட வேண்டும். காலையில் கடை திறக்கும் அவசரத்தில் இது மறந்துபோகும். மறந்தால் ஸ்டாப்பே இல்லாத ட்ரேடு.

ட்ரேடு ஓடும்போது ஸ்டாப்பைத் தள்ளி வைக்கும் ஆசை வரும். அது ஏன் கூடாது என்பதைக் கணக்கே காட்டும். 5,555-ஐ 5,500 ஆக்கினால் தூரம் 120. வழுக்கலும் கட்டணமும் சேர்த்து ஒரு லாட்டில் 1,270. அந்தத் தூரத்துக்குச் சூத்திரம் ஒரு லாட்தான் தரும், உங்களிடம் இருப்பது இரண்டு. ஸ்டாப்பைத் தள்ள உண்மையிலேயே காரணம் இருந்தால், முதலில் ஒரு லாட்டை விற்றுவிட்டு மிச்சத்துக்குத் தள்ளுங்கள்.

ஒரே நேரத்தில் குரூடு மினியும் எண்ணெய் நிறுவனப் பங்கு ஃபியூச்சரும் வைத்திருந்தால் இரண்டையும் தனித்தனி 1 சதவீதம் என்று எண்ண வேண்டாம். ஒரே செய்தி இரண்டையும் சேர்த்து அடிக்கும். இரண்டின் ரிஸ்க் ரூபாயையும் கூட்டி ஒரே வரம்புக்குள் அடக்குங்கள்.

எக்ஸ்பைரி வாரம்

மேலே சொன்ன எந்தக் கணக்கும் எக்ஸ்பைரி நாளில் செல்லாது என்பதற்கு 2020 ஏப்ரல் சாட்சி. ஊரடங்கு காரணமாக அப்போது எம்.சி.எக்ஸ். மாலை 5 மணிக்கே மூடிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 20 அன்று முடியும் குரூடு காண்ட்ராக்ட் இங்கே 965 ரூபாயில் நின்றது. எம்.சி.எக்ஸ். குரூடின் கடைசித் தீர்வு விலை நியூயார்க் விலையை ரூபாயாக மாற்றி வைக்கப்படுவது. அன்று இரவு, இங்கே திரை இருண்டு கிடந்த நேரத்தில், நியூயார்க்கில் மே காண்ட்ராக்ட் பூஜ்யத்துக்கும் கீழே போய் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. எம்.சி.எக்ஸ். அறிவித்த தீர்வு விலை மைனஸ் 2,884 ரூபாய். 965-இல் வாங்கி வைத்திருந்தவருக்குப் பேரலுக்கு 3,849 ரூபாய் நஷ்டம். 100 பேரல் லாட் ஒன்றுக்கு 3,84,900. அவர் 65 ரூபாய் தூரத்தில் ஸ்டாப் வைத்திருந்தாலும் அது அடிக்க வாய்ப்பே கிடைத்திருக்காது. விலை பூஜ்யத்துக்குக் கீழே போகும்போது, வாங்கிய மொத்த மதிப்பைத்தான் இழப்போம் என்ற உச்சவரம்புகூட இல்லை.

குரூடு எக்ஸ்பைரி தேதியை ட்ரேடு எடுக்கும் அன்றே அதே தாளில் எழுதிவிடுங்கள். தேதி நெருங்கினால், குறைந்தது மூன்று வேலை நாள் முன்பே பழைய மாதத்தை மூடுங்கள். தொடர வேண்டுமென்றால் அடுத்த மாத காண்ட்ராக்டில் புதிதாக நுழையுங்கள். அடுத்த மாத விலை வேறாக இருக்கும், சார்ட்டும் ஸ்டாப் இடமும் வேறாக இருக்கும். ஆகவே பழைய இரண்டு லாட்டை அப்படியே மாற்றி எடுக்காமல், B3-யிலும் B4-லும் புதிய விலைகளைப் போட்டு மறுபடி கணக்கிடுங்கள். சில நேரம் ஒரு லாட் வரும், சில நேரம் பூஜ்யம்.